ஸ்டோரில் 348 கிலோ குறைகிறது: எல்லாவற்றையும் "வேஸ்டேஜ்" என்று எழுதிவிடலாமா?

பேரேட்டுக்காரி | அக்டோபர் 3, இரவு 9:12

மோட்டார் வைண்டிங் செய்யும் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். செப்டம்பர் 30 அன்று ஸ்டோரில் காப்பர் வயரை நேரடியாக எடை போட்டு எண்ணினோம். ஆறு மாதத்துக்கு முன் எண்ணியபோது 1,900 கிலோ இருந்தது. அதற்குப் பிறகு வந்தது 18,400. வெளியே கொடுத்தது, திரும்பி வந்த 850 கிலோவைக் கழித்தது போக, 17,200. புத்தகப்படி 3,100 கிலோ இருக்க வேண்டும். கையில் இருந்தது 2,752. அதாவது 348 கிலோ குறைவு.

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்து 348-ஐ 17,200-ஆல் வகுத்தார். இரண்டு சதவீதம் வந்தது. "நம்ம வேஸ்டேஜ் நார்மே ரெண்டு சதவீதம்தானே, கச்சிதமா பொருந்துது, கன்சம்ப்ஷன்ல போட்டு மூடு" என்கிறார்.

அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் எனக்கு நெருடுகிறது. காப்பர் காற்றில் கரைகிற பொருள் இல்லை. எவ்வளவை வேஸ்டேஜ் என்று எழுதலாம், எதற்கு மேல் திருட்டு என்று பார்க்க வேண்டும்? இந்த வாரத்துக்குள் புத்தகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 3, இரவு 9:40

நான் வைண்டிங் ஃப்ளோர்ல பதினோரு வருஷம். ரெண்டு பர்சென்ட் ரொம்ப நியாயமான கணக்கு. காயில் முடியும்போது முனை வெட்டுறோம், எனாமல் உரிஞ்சா அந்த நீளத்தையே தூக்கிப் போடுறோம், ஸ்பூல் அடியில கடைசி சுத்து சிக்கிக்கிட்டா அதுவும் போச்சு. ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு காப்பர் எங்கே போகும்னு கேட்டா எப்படி? உங்க மேனேஜர் சொல்றதுதான் சரி.

---

நேர்வழி | அக்டோபர் 3, இரவு 10:05

ஸ்டோர் கீப்பர் சம்பளத்தில் மாதம் இவ்வளவு என்று பிடித்தால் தீர்ந்தது. பொறுப்பில் இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் இப்படித்தான் செய்தோம், அதன் பிறகு குறைவே வரவில்லை.

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 3, இரவு 10:20

நேர்வழி சார், நான் கேட்டது யாரிடம் வசூலிப்பது என்று இல்லை. புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான். அவர் எடுத்தார் என்று ஒரு ஆதாரமும் இல்லை. எண்ணும்போது ராத்திரி பதினொன்று வரை எங்களோடு நின்று ஒவ்வொரு ஸ்பூலையும் தராசில் தூக்கி வைத்தவர் அவர்தான்.

---

பழைய தராசு | அக்டோபர் 4, காலை 6:35

முப்பது வருஷம் ஸ்டோர் கணக்கும் காஸ்ட் கணக்கும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஷிஃப்ட் பி தம்பி சொன்ன வேஸ்டேஜ் எல்லாம் உண்மை. ஆனால் அது எங்கே நடக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா அம்மா? ஃப்ளோரில் நடக்கிறது. வயர் ஸ்டோரைத் தாண்டிய பிறகு நடக்கிறது.

இஷ்யூ ஸ்லிப் போட்டு 22 கிலோ வெளியே போனது. அதில் அரை கிலோ முனையாக வெட்டிப் போட்டார்கள். ஸ்டோர் புத்தகத்தில் 22 கிலோவும் ஏற்கனவே கழிந்துவிட்டதே. வெட்டின அரை கிலோ அந்த 17,200-க்குள் இருக்கிறது. அதே அரை கிலோவை ஸ்டோர் குறைவுக்கும் காரணமாகக் காட்டினால் ஒரே கழிவை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

ஆகவே உங்கள் 348 கிலோவில் வைண்டிங் வேஸ்டேஜுக்கு இடமே இல்லை. எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன் எந்த வாசலுக்கு உள்ளே குறைந்தது என்று கேளுங்கள். ஸ்டோர் அலமாரியில் சும்மா இருக்கும் எனாமல் காப்பருக்கு இயல்பான குறைவு கிட்டத்தட்ட பூஜ்யம். எடை போடுவதில் வரும் வித்தியாசம் ஒன்றுதான் மிச்சம்.

முதலில் திருட்டையும் மறந்துவிடுங்கள், வேஸ்டேஜையும் மறந்துவிடுங்கள். புத்தகமே தப்பாக இருக்கலாம். மூன்று இடங்களைப் பாருங்கள். எண்ணிய அன்று சாயங்காலம் வெளியே போன சரக்கின் ஸ்லிப் மறுநாள் பதிவானதா? உள்ளே வந்ததை இன்வாய்ஸ் எடையில் ஏற்றினீர்களா, உங்கள் தராசு எடையிலா? திரும்பி வந்த 850 கிலோவை யார், எப்படி எடை போட்டார்கள்? மூன்றாவதை நன்றாகப் பாருங்கள். ஸ்பூலில் வரும் பொருளில் தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 4, காலை 8:10

சரிதான் சார், அதை நான் யோசிக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். உண்மையான வேஸ்டேஜ்னா மிச்சம் இருக்கும். ஸ்க்ராப் ரூம்ல கிடக்கும், எடை போடலாம். மிச்சம் இல்லாம குறைஞ்சா அது திருட்டு. எந்தப் பொருளா இருந்தாலும் இதுதான் கணக்கு.

---

டிரம் எண் 7 | அக்டோபர் 4, காலை 11:50

"எந்தப் பொருளா இருந்தாலும்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. நான் சால்வென்ட் ஸ்டோர். எங்களிடம் குறைவது ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஆவியாகப் போகும்.

அதைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது வெப்பம். டொலுவீன் மாதிரி திரவம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். மதிய வெயிலில் 38 டிகிரியில் வந்த டேங்கரை லிட்டரில் ஏற்றிக்கொண்டு, ஷெட்டில் 28 டிகிரிக்கு இறங்கிய பிறகு அளவுகோல் விட்டுப் பார்த்தோம். பத்து டிகிரி, ஒரு சதவீதம். பத்தாயிரம் லிட்டருக்கு நூறு லிட்டர் காணோம். ஒரு சொட்டும் எங்கேயும் போகவில்லை. அந்த நூறு லிட்டருக்காக இரண்டு பேரை மாதக்கணக்கில் சந்தேகப்பட்டார்கள். பிறகு கிலோவில் கணக்கு வைக்க ஆரம்பித்தோம், அந்தக் குறைவு மறைந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 4, மதியம் 12:30

வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணா. காப்பருக்கு மட்டும்னு வச்சுக்குங்க.

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 5, இரவு 8:45

இரண்டு நாள் ஸ்லிப் கட்டுகளோடு உட்கார்ந்தேன். பழைய தராசு அய்யா சொன்ன வரிசையில் எழுதுகிறேன்.

முதலாவது சுலபமாகக் கிடைத்தது. செப்டம்பர் 30 மாலை ஐந்தரைக்கு 84 கிலோ ஃப்ளோருக்குப் போயிருக்கிறது. நாங்கள் எண்ண ஆரம்பித்தது ஆறரைக்கு. ஸ்லிப் அக்டோபர் 1 தேதியில் பதிவாகியிருக்கிறது. பொருள் அலமாரியில் இல்லை, புத்தகத்தில் இருந்தது.

இரண்டாவது, உள்ளே வந்த 18,400 என்பது இன்வாய்ஸ் எடை. செக்யூரிட்டி பக்கத்துத் தராசுச் சீட்டுகள் இன்வாய்ஸோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கின்றன, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் கூட்டினேன். 18,363. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கிலோ, முக்கால் கிலோ என்று மொத்தம் 37 கிலோ.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இரவு ஷிஃப்டில் பாதி ஸ்பூல் திரும்பி வந்தால் அதை அப்படியே தராசில் வைத்து, வரும் எண்ணை ஸ்லிப்பில் எழுதியிருக்கிறார்கள். ஸ்பூலின் எடையைக் கழிக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ஸ்லிப்பில் 7.4 என்று இருந்தது. அந்த ஸ்பூல் இன்னும் தொடாமல் அலமாரியில் இருந்தது. நாங்கள் எண்ணியபோது எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருந்தது: 5.2. ஒரு காலி ஸ்பூலை எடுத்துத் தராசில் வைத்தேன். 2.2. இன்னும் பத்து காலி ஸ்பூல்களை எடை போட்டேன். 2.1-லிருந்து 2.3-க்குள்தான் இருந்தன. பகல் ஷிஃப்ட் ஸ்லிப்புகளில் கழித்திருக்கிறார்கள், இரவில் இல்லை. இரவு ஸ்லிப்புகள் 62. 62 × 2.2 = 136.4 கிலோ. ஆறு மாதமாக பிளாஸ்டிக்கைக் காப்பர் என்று புத்தகத்தில் ஏற்றியிருக்கிறோம்.

84 + 37 + 136.4 = 257.4. மீதி 90.6 கிலோ.

மேனேஜர் சொன்ன மாதிரி எழுதியிருந்தால் இதெல்லாம் தெரியாமலே போயிருக்கும். நேர்வழி சார் சொன்ன மாதிரி செய்திருந்தால் 348 கிலோவுக்கும் ஒரு மனிதரின் சம்பளத்தைப் பிடித்திருப்போம்.

---

நேர்வழி | அக்டோபர் 5, இரவு 9:30

90 கிலோ மிச்சம் இருக்கிறதே. அதற்கு யார் பதில்?

---

பழைய தராசு | அக்டோபர் 6, காலை 6:20

அருமையான வேலை அம்மா. இப்போது மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மூன்றும் மூன்று விதம்.

84 கிலோவும் 136.4 கிலோவும் நஷ்டமே இல்லை. அவை உண்மையில் ஃப்ளோருக்குப் போய்ச் செலவான வயர். திருத்தினால் கன்சம்ப்ஷன் 17,200-லிருந்து 17,420.4 ஆகும். இயன்றவரை எந்த ஜாப் என்று பார்த்து அங்கே ஏற்றுங்கள், இல்லையென்றால் பாவம் ஏதோ ஒரு ஜாப் பொய்யாக லாபம் காட்டிக்கொண்டிருக்கும்.

37 கிலோ வேறு. 18,400-க்கு அது 0.2 சதவீதம். இதை இயல்பான குறைவு என்று ஏற்கலாம். ஆனால் ஏற்கும் முன் ஒரு சோதனை. உங்கள் தராசு 100 கிராம் படியில் காட்டும் என்றால், ஒவ்வொரு எடையிலும் 50 கிராம் கூடவோ குறையவோ வரும். ஆயிரம் தடவை எடை போட்டாலும் கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மொத்தத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. உங்களுக்கு எல்லா லாட்டிலும் ஒரே பக்கமாகக் குறைந்திருக்கிறது. அது ரவுண்டிங் ஆகாது. ஒன்று உங்கள் தராசு சாய்ந்திருக்கிறது, அல்லது சப்ளையர் தராசு சாய்ந்திருக்கிறது. முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பாருங்கள்.

90.6-க்கு வருவோம். அது எந்த கேஜில் குறைகிறது? எல்லா கேஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரே இடத்திலா? இயல்பான குறைவு புழக்கத்தோடு சேர்ந்து நடக்கும். அதிகம் போய்வரும் கேஜில் அதிகம், குறைவாகப் போவதில் குறைவு. யாராவது எடுத்தால் அது முழு முழுதாகப் போகும். கால் கிலோ வயரை எவனும் உருவிக்கொண்டு போகமாட்டான்.

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 6, இரவு 10:15

படிக்கல் வைத்தோம். 20 கிலோவுக்கு 20.0. 40-க்கு 40.0. எங்கள் தராசு நேராக இருக்கிறது. சப்ளையருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் 0.25 சதவீதம் வரை எடை வித்தியாசத்தைக் கேட்க முடியாது என்று ஒரு வரி இருக்கிறதாம், அதனால் 37 கிலோ எங்கள் தலையில்தான்.

கேஜ் வாரியாகப் பிரித்தேன். 0.6 கிலோ அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. 90 கிலோ முழுவதும் 1.2 மில்லிமீட்டர் கேஜில். ஒரு ஸ்பூலின் நிகர எடை சுமார் 22.5. நாலு ஸ்பூல்.

ஒவ்வொரு ஸ்பூலிலும் லேபிள் எண் இருக்கும், உள்ளே வரும்போது பதிவேட்டில் எழுதுகிறோம். அந்த கேஜின் எண்களை எல்லாம் எழுதி, இஷ்யூ ஸ்லிப்பில் இருப்பதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அலமாரியில் இருப்பதையும் அடித்தேன். நாலு எண்கள் அடிபடாமல் நின்றன. எடைகள் 22.4, 22.7, 22.3, 22.6. கூட்டினால் சரியாக 90.0.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. இதுவரை எண்களாகத்தான் இருந்தது.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 6, இரவு 10:50

மேடம், அவசரப்பட்டு திருட்டுன்னு எழுதிடாதீங்க. நைட்ல ஸ்டோர் பூட்டியிருந்தா சாவி வாங்கி, வயர் எடுத்துட்டு "காலைல ஸ்லிப் தர்றேன்"னு சொல்லிட்டு மறந்துபோறது உண்டு. நானே செஞ்சிருக்கேன். அந்த நாலு ஸ்பூலும் மோட்டாருக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கலாம்.

---

பழைய தராசு | அக்டோபர் 7, காலை 6:40

தம்பி சொல்வது முக்கியம். இதைச் சோதிக்கவும் முடியும். ஸ்லிப் இல்லாமல் 90 கிலோ ஃப்ளோருக்குப் போயிருந்தால், அந்த கேஜில் செய்த காயில்களின் எடையும் ஸ்க்ராப்பும் சேர்ந்து, ஸ்லிப் போட்டுக் கொடுத்ததைவிட 90 கிலோ அதிகமாக வர வேண்டும். கொடுத்ததைவிட அதிகமாக எவராலும் காயில் சுற்ற முடியாது அல்லவா? டிசைன் எடையை எடுத்து, செய்த எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். அந்த ஒரு கேஜுக்கு மட்டும் போதும்.

அப்படியே கேட் பாஸ் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள்.

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 8, இரவு 9:05

1.2 கேஜுக்கு, திருத்தங்களுக்குப் பிறகு, ஃப்ளோருக்குப் போனது 1,310 கிலோ. சுற்றிய காயில்களின் டிசைன் எடை 1,284. ஸ்க்ராப் பதிவேட்டில் அந்த கேஜ் 21. கூட்டினால் 1,305. கொடுத்ததைவிட 5 கிலோ குறைவாகத்தான் வருகிறது, அதிகமாக இல்லை. அந்த நாலு ஸ்பூலும் மோட்டாருக்குள் போகவில்லை.

கேட் பாஸ் புத்தகத்தில் விற்பனைப் பக்கங்களைப் பார்த்தேன். வயர் ஸ்பூல் எதுவும் வெளியே போனதாக இல்லை.

கணக்கு போடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மொத்த கன்சம்ப்ஷன் 17,420-க்கு ஸ்க்ராப் ரூமில் வந்தது 205 கிலோ. இது 1.2 சதவீதம்கூட இல்லை. அப்புறம் அந்த இரண்டு சதவீத நார்ம் எங்கிருந்து வந்தது? மேனேஜரிடம் கேட்டேன். பழைய கை மெஷின்கள் இருந்த காலத்தில் போட்டதாம்.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 8, இரவு 9:40

இருக்கும். ஆட்டோ வைண்டிங் வந்தப்புறம் முனை வெட்டுறது பாதியா குறைஞ்சிடுச்சு. நானும் பழக்கத்துல ரெண்டுன்னு சொல்லிட்டேன். எங்க ஃப்ளோர் கணக்கை நாளைக்கு எடுத்துப் பார்க்கணும்.

---

பழைய தராசு | அக்டோபர் 9, காலை 7:00

இரண்டுக்கும் 1.2-க்கும் நடுவில் இருக்கும் இந்த 0.8 சதவீதத்தைக் கவனியுங்கள். 17,420-க்கு அது 140 கிலோவுக்கு மேல். ஸ்க்ராப் ரூமிலிருந்து மாதம் இருபது கிலோ யாராவது எடுத்திருந்தால்கூட உங்கள் நார்ம் அதை "இயல்பு" என்று சொல்லி மூடியிருக்கும். நீங்கள் சொன்ன எண்களைப் பார்த்தால் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் 1.2 கேஜில் காயிலும் ஸ்க்ராப்பும் கொடுத்ததோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஆனால் நார்மை இறக்குங்கள். ஒரு காலத்தில் அளந்து போட்ட எண், அந்த மெஷின் போன பிறகும் அனுமதிச்சீட்டாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி எழுதும் விதம். கணக்குக்கு எளிதாகக் கிலோ 100 என்று வைத்துக்கொள்கிறேன். திறப்பு இருப்பும் வரவும் சேர்ந்து 20,300 கிலோ, மதிப்பு 20,30,000. 37 கிலோ இயல்பான குறைவு. அதற்குத் தனியாக எந்தப் பதிவும் வேண்டாம். அதே 20,30,000-ஐ 20,263 கிலோ தாங்கட்டும். கிலோ 100.18 ஆகும். நல்ல சரக்கு அதைச் சுமக்கிறது.

90.6 கிலோ அப்படி அல்ல. அதை மீதி சரக்கின் மேல் ஏற்றினால், காணாமல் போன ஸ்பூலின் விலையை மோட்டாரின் அடக்க விலையில் ஒளிப்பதாகும். இயல்பு மீறிய கழிவைச் சரக்கின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது, அந்தக் காலகட்டத்தின் செலவாக எழுத வேண்டும் என்று ஐஏஎஸ் 2 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை சொல்கிறது. அதை 100-க்கு எழுதாதீர்கள், 100.18-க்கு எழுதுங்கள். இயல்பான குறைவில் அதற்கும் பங்கு உண்டு. 90.6 × 100.18 = 9,076. இப்படி:

ஸ்டாக் குறைவு (இயல்பு மீறியது, விசாரணையில்) பற்று 9,076
காப்பர் வயர் ஸ்டாக் வரவு 9,076

---

ரெண்டாம் டிக் | அக்டோபர் 9, பகல் 1:15

நான் ஆடிட்டில் இரண்டு வருஷம்தான், ஆனாலும் சொல்கிறேன். விசாரணை முடியவில்லையே? அதுவரை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்தால் போதாதா? முடிந்த பிறகு நஷ்டமா, இன்சூரன்ஸா, யாரிடமாவது வசூலா என்று பார்த்து மாற்றலாம். இப்போதே லாப நஷ்டத்தில் போட்டால் பிறகு திருப்ப வேண்டி வரும்.

---

பழைய தராசு | அக்டோபர் 9, மாலை 5:30

மாதத்துக்குள் என்றால் சஸ்பென்ஸில் வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கணக்கு மூடும் தேதியைத் தாண்டக் கூடாது. சஸ்பென்ஸில் பற்று நின்றால் அது சொத்துப் பக்கம்தான் நிற்கும். இல்லாத காப்பரை இருக்கிறது என்று வேறு பெயரில் சொல்வதுதானே அது? சரக்கு கையில் இல்லை என்று தெரிந்த காலத்திலேயே அது செலவு. பின்னால் பணம் வந்தால் வந்தபோது எழுதிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸை நம்பி உட்காராதீர்கள். பல திருட்டு பாலிசிகளில் பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள். எண்ணிப் பார்த்தபோது குறைந்தது என்பது மட்டுமே ஆதாரம் என்றால் ஏற்க மாட்டோம் என்ற வரியும் பலவற்றில் உண்டு. உங்களிடம் ஸ்பூல் எண்கள் இருக்கின்றன, அது வெறும் கணக்குக் குறைவைவிட ஒரு படி மேல். பாலிசியைப் படித்துவிட்டு எழுதிக் கேளுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வரி. கொள்முதல் வரியைத் திரும்ப எடுக்கும் முறை உள்ள இடங்களில் உற்பத்திக் கழிவையும் காணாமல் போனதையும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவும் இரண்டையும் தனித்தனியாக வைத்தே ஆக வேண்டும். அந்தந்தச் சட்டத்தைத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

---

ரெண்டாம் டிக் | அக்டோபர் 9, இரவு 8:00

மூடும் தேதி விஷயம் சரி. ஆனால் கணக்கின் பெயரில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. "இயல்பு மீறியது" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் திருட்டு என்றே எழுதினால்தானே நிர்வாகம் கண் திறக்கும்?

---

டிரம் எண் 7 | அக்டோபர் 9, இரவு 8:25

நான் மேலே சொன்ன இரண்டு பேரின் பைலில் அந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது. வெப்பம்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் யாரும் அதை அடித்துத் திருத்தவில்லை. பேரேட்டில் எழுதுகிற சொல்லை யார் எப்போது எடுத்துப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நாலு ஸ்பூல் இல்லை என்பதுதான் தெரிந்தது.

---

நேர்வழி | அக்டோபர் 9, இரவு 9:10

டிரம் அண்ணன் எழுதியதைப் படித்தேன். எங்கள் இடத்தில் சம்பளம் பிடித்த பிறகு குறைவே வரவில்லை என்றேன். யோசித்துப் பார்த்தால் அதன் பிறகு எண்ணும் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு பொருளின் இருப்பையும் எழுதும் பின் கார்டுகளை எல்லாம் "சரி செய்து" வைத்திருப்பார். குறைவு வரவில்லையா, எங்களுக்குக் காட்டவில்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 13, இரவு 10:30

ஒரு திருத்தம். அக்டோபர் 8 அன்று கேட் பாஸ் பார்த்தேன் என்று எழுதினேன். விற்பனைப் பக்கங்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். திருப்பி அனுப்பும் பாஸ் தனிப் புத்தகம் என்று இன்றுதான் செக்யூரிட்டி சொன்னார்.

அதில், போன தடவை எண்ணி மூன்று வாரம் கழித்து, ஒரு ஸ்பூல் எனாமல் உரிகிறது என்று சப்ளையருக்குத் திருப்பிப் போயிருக்கிறது. எண் எழுதியிருக்கிறது. அடிபடாமல் நின்ற நாலில் ஒன்று, 22.3 கிலோ. பொருள் போனது, டெபிட் நோட் போடவில்லை. சப்ளையரும் சும்மா இருந்துவிட்டார். இன்று கூப்பிட்டதும், வந்தது உண்மைதான், கிரெடிட் தருகிறேன் என்றார்.

ஆக அந்த 22.3 நஷ்டத்திலிருந்து வெளியே வந்து சப்ளையர் கணக்குக்குப் போகிறது. மீதி 68.3 கிலோ, 6,842. அய்யா சொன்ன தலைப்பிலேயே தனி வரியாக எழுதிவிட்டேன். மேனேஜர் முதலில் தயங்கினார். 348 கிலோவையும் ஒவ்வொரு துண்டாகக் காட்டி, எது எந்த ஸ்லிப்பில் இருக்கிறது என்று பக்கத்தில் வைத்ததும் கையெழுத்துப் போட்டார். வேஸ்டேஜ் நார்மை 1.25-ஆக இறக்கவும் ஒத்துக்கொண்டார்.

---

பழைய தராசு | அக்டோபர் 14, காலை 6:30

அந்த மூன்று எண்களும் எந்தத் தேதியில் உள்ளே வந்தவை?

---

பேரேட்டுக்காரி | அக்டோபர் 14, இரவு 9:50

இரண்டு ஜூலையில் ஒரே லாட்டில் வந்தவை. மூன்றாவது போன எண்ணிக்கைக்கு முன்பே வந்தது. போன தடவை எண்ணிய தாளில் மொத்தக் கிலோ மட்டும்தான் இருக்கிறது, ஸ்பூல் எண் இல்லை. அதனால் அது அப்போது இருந்ததா, இல்லாமலேயே மொத்தத்தில் சேர்ந்ததா என்று சொல்ல வழியில்லை. ஜூலை லாட்டின் இரண்டும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. அந்த மாதம் ஸ்டோர் சாவி எத்தனை பேர் கையில் இருந்தது என்று கேட்டேன். ஐந்து பேர் என்றார்கள்.

இரவு ஷிஃப்டுக்கு நானே போய் ஸ்பூல் எடையைக் கழிப்பதைக் காட்டிக்கொடுத்தேன். எடை எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு இதை இதுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு காலி ஸ்பூலின் பக்கவாட்டிலும் அதன் எடையை மார்க்கரில் எழுதிவைக்கலாமா என்று அவனே கேட்டான். இன்று நாற்பது ஸ்பூல் வரை எழுதியிருக்கிறான்.

இந்தச் சனிக்கிழமை 1.2 கேஜை மட்டும் மறுபடி எண்ணப் போகிறோம், இந்த முறை எண்ணோடு.

---

ஷிஃப்ட் பி | அக்டோபர் 14, இரவு 10:20

எங்க ஸ்க்ராப் பதிவேடு எடுத்துப் பார்த்தேன் மேடம். ஆறு மாசத்துக்கு 1.4 வருது. நார்ம் இன்னும் ரெண்டுன்னுதான் போர்டுல எழுதியிருக்கு.